ஊற்றுக்கால்: நாவலின் முழுச் சுருக்கம்

பதிப்பாசிரியர் குழுவின் பரிசீலனைக்காக எழுதப்பட்ட இச்சுருக்கத்தில் நாவலின் முடிவும் அடங்கியுள்ளது.

ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் இடையே, பாலாற்றங்கரையில் உள்ளதாக நான் கற்பனை செய்திருக்கும் கரைமேடு என்ற ஊரில், 1974 முதல் 1999 வரை கதை நடக்கிறது. ஆற்று மணலைத் தோண்டி ஊற்று நீரை வயலுக்குக் கொண்டுவரும் கால்வாயை ஆண்டுதோறும் ஊரே கூடித் தூர்வாரும் வழக்கத்தோடு நாவல் தொடங்குகிறது. அந்த வேலையை முன்னின்று நடத்துபவர் ஏகாம்பரம். இரண்டரை ஏக்கரும் ஒரு கிணறும் உடையவர். அவருடைய பால்ய நண்பர் ரஹீம், பக்கத்தில் புதிதாக எழுந்த தோல் பதனிடும் ஷாப்பில் கணக்கு எழுதுகிறார். சேரியைச் சேர்ந்த முனிரத்தினம் அதே ஷாப்பின் ஊறல் குழியில் வேலைக்குச் சேர்ந்து, பண்ணையாரிடம் கை கட்டி நிற்காமல் வாரக்கூலி வாங்கும் முதல் தலைமுறை ஆகிறார்.

ஆவாரம்பட்டையால் பதனிடும் முறை போய்க் குரோமியம் வருகிறது. 1979இல், தங்கையின் திருமணச் செலவுக்கு வழியின்றி, ஷாப்பின் கழிவுநீர்க் குழாய் தன் நிலத்தின் வழியே ஆற்றுக்குப் போக ஏகாம்பரம் பணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திடுகிறார். பத்திரத்தை எழுதியவர் ரஹீம். ஊருக்கு இது தெரியாது. நாவலின் எல்லாத் திருப்பங்களும் இந்தக் காகிதத்திலிருந்தே கிளைக்கின்றன என்பதால், இக்காட்சியை மிக நிதானமாக, ஒரு முழு அத்தியாயமாக எழுதியிருக்கிறேன்.

பத்தாண்டுகளில் கிணறு உவர்க்கிறது; தென்னை குருத்திலேயே கருகுகிறது; கால்வாய் தூர்வார ஆள் வருவது நின்றுபோகிறது. ஊரார் வானத்தையும் மணல் லாரிகளையும் பழிக்கும்போது ஏகாம்பரமும் சேர்ந்து பழிக்கிறார். அவருடைய மகள் தேவகி 1993இல், பதினெட்டு வயதில், ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் வேலைக்குச் செல்கிறாள். தண்ணீரைக் கெடுத்த அதே தோல்தான் இப்போது வீட்டில் உலை கொதிக்க வைக்கிறது. அப்பாவும் மகளும் இதைப் பேசாமலே பல ஆண்டுகளைக் கடத்துகிறார்கள்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நாவலின் இரண்டாம் பாகம் வேகம் எடுக்கிறது. இழப்பீட்டு மனுவுக்குப் பட்டா தேவைப்படுவதால், கை கால்களில் தோல் வெடித்துக் கிடக்கும் முனிரத்தினத்தின் பெயர் பட்டியலிலேயே ஏறுவதில்லை. இதை ஒட்டி அவருக்கும் ஊர்க் கமிட்டிக்கும் நடக்கும் வாக்குவாதம் நாவலின் அறம் சார்ந்த மையம் என்று கருதுகிறேன்.

1988க்கு முன்பு கழிவு எதையும் வெளியேற்றவில்லை, நிலத்து நீர் இயல்பிலேயே உவர் என்று ஷாப் நிர்வாகம் விசாரணையில் வாதிடுகிறது. பட்டாவைத் தேடி டிரங்குப் பெட்டியைக் குடையும் தேவகியின் கையில் 1979ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நகல் சிக்குகிறது. அது வெளிவந்தால் ஊரின் மனு வெல்லும். ஆனால் பணம் வாங்கிச் சம்மதித்தவர் என்பதால் ஏகாம்பரத்தின் மனு தள்ளுபடியாகும். "நீயே குட்த்துடு நைனா, நான் குட்த்தா அது வேற" என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் ஷிப்டுக்குப் போகிறாள்.

மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு ஏகாம்பரம் விசாரணையில் பத்திரத்தை ஒப்படைக்கிறார். அதை எழுதியது தானே என்று சாட்சி சொல்லும் ரஹீம் வேலையை இழக்கிறார். ஊருக்கு இழப்பீடு கிடைக்கிறது, ஏகாம்பரத்துக்கு இல்லை. தீர்ப்பால் பயனடைந்தவர்களே அவரை மயானக் கொள்ளைத் திருவிழாவின் வரி வசூலிலிருந்து ஒதுக்குகிறார்கள். முனிரத்தினம் மட்டும் அவரோடு பேசுகிறார், அதுவும் மன்னிப்பாக அல்ல, கணக்குத் தீர்க்க: "உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல, ஆனா உன்கிட்ட நெலம் கீது." இறுதி அத்தியாயத்தில் ஏகாம்பரம் தன் நிலத்தில் அரை ஏக்கரை முனிரத்தினத்தின் பெயருக்கு எழுதித் தருகிறார். உவர் ஏறிய அந்த மண்ணை முனிரத்தினம் வாங்க மறுக்கவில்லை. பட்டா கையில் இருந்தால் அடுத்த மனுவில் பெயர் இருக்கும் என்கிறார். தேவகி கம்பெனி வேலையை விடுவதில்லை. ஊற்றுக்கால்வாயில் தண்ணீர் திரும்புவதில்லை.

ஷாப் முதலாளியைக் கொடியவராக வரையவில்லை. அவரும் ஏற்றுமதிக் கடனில் மூழ்கியவர்தான். ரஹீம் பாத்திரம் இதற்குச் சப்பைக்கட்டாகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்திருக்கிறேன்.

நாவல் இரண்டு பாகங்களாக, 31 அத்தியாயங்களில், ஏறத்தாழ 84,000 சொற்களில் முடிந்துள்ளது. கதைசொல்லல் பொதுத் தமிழிலும், உரையாடல்கள் வட ஆர்க்காட்டுப் பேச்சு வழக்கிலும் அமைந்துள்ளன. ரஹீம் வீட்டில் பேசப்படும் உருது வாக்கியங்களுக்கு அடிக்குறிப்பு தரவில்லை, பொருள் சூழலிலேயே விளங்கும். முழுக் கைப்பிரதியை உடனே அனுப்ப இயலும்.