சாதமும் கிரேவியும்: டெலிவரி கிச்சனுக்கான அபாயப் பகுப்பாய்வு

எந்த கிச்சன், என்ன உணவு

வேளச்சேரியில் ஒரே அறையில் நடக்கும் நம் கிளவுட் கிச்சனுக்காக எழுதியது. மதியம் 11 முதல் 3 வரை, மாலை 6 முதல் 11 வரை ஆர்டர் எடுக்கிறோம். வெள்ளைச் சாதம், சீரகச் சாதம், சிக்கன் கிரேவி, முட்டைக் குழம்பு, பன்னீர் பட்டர் மசாலா, காளான் கிரேவி. வாங்கியதும் சுடச்சுடச் சாப்பிடுவார்கள் என்று நம்பக் கூடாது. மீட்டிங் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் பிரிப்பவர்கள் உண்டு, பாதியைக் குழந்தைக்கு எடுத்து வைப்பவர்களும் உண்டு. அவர்களை மனத்தில் வைத்துத்தான் எல்லா வரம்பும் போட்டிருக்கிறோம்.

பகுப்பாய்வில் கிச்சன் மேற்பார்வையாளர், காலை மாஸ்டர், மாலை மாஸ்டர், பேக்கிங் பொறுப்பாளர் நால்வரும் உட்கார வேண்டும். பேக்கிங் ஆளைக் கூப்பிடாமல் முடிக்காதீர்கள். பார்சல் அலமாரியில் எவ்வளவு நேரம் கிடக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

படி 1: ஓட்டப் படம்

சரக்கு வரவு, சேமிப்பு, கழுவி நறுக்குதல், சமைத்தல். அதன்பின் பாதை இரண்டாகப் பிரிகிறது. சாதமும் முடிந்த கிரேவியும் ஹாட் கேஸுக்குப் போகும். வெங்காயம், தக்காளி, முந்திரி அரைத்துக் கொதிக்கவைத்த பேஸ் கிரேவி ஆறவைத்து ஃப்ரிட்ஜுக்குப் போகும், ஆர்டர் வரும்போது மறுபடி கொதிக்கும். கடைசியில் பேக்கிங், ரைடர் கையில் ஒப்படைப்பு. இதைத் தாளில் வரைந்தபின், மதிய நெரிசலில் நின்று சரிபார்க்க வேண்டும். காலை 9 மணிக்குப் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும்.

படி 2: அபாயங்களை எடைபோடுதல்

ஒவ்வொரு இடத்திலும் என்ன கெடுதல் நேரலாம் என்று எழுதி, நேர்வதற்கான வாய்ப்புக்கு 1 முதல் 3, விளைவின் கடுமைக்கு 1 முதல் 3 கொடுத்துப் பெருக்க வேண்டும். 6 அல்லது அதற்கு மேல் வந்து, அதற்கு வரம்பு வைத்து அளக்கவும் முடிந்தால் அது முக்கியக் கட்டுப்பாட்டு இடம், சுருக்கமாக சி.சி.பி. மற்றவை அன்றாடச் சுத்த நடைமுறையில் அடங்கும்.

*சரக்கு வரவு.* கோழி 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். அரிசியில் கல், வண்டு பார்க்க வேண்டும். பச்சைக் கோழி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில்தான், தனி வெட்டுப்பலகை, தனி கத்தி.

*சமைத்தல்.* கோழியில் சால்மோனெல்லா என்ற பாக்டீரியா இருக்கும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மதிப்பெண் 2 × 3 = 6. பெரிய துண்டின் நடுவில், எலும்பில் படாமல் தெர்மாமீட்டரைக் குத்தி 75 டிகிரி வந்த பிறகே இறக்க வேண்டும். சி.சி.பி. 1. வரவில்லை என்றால் மறுபடி கொதிக்கவிட்டு அளக்க வேண்டும்.

*சாதம்.* இங்கேதான் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது. அரிசியோடு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரில் சாவதில்லை. வடித்த சாதம் அண்டாவில் வெதுவெதுப்பாகக் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி நஞ்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. வாசனையும் ருசியும் மாறாமல்கூட இருக்கலாம், அதனால் மோந்து பார்த்து முடிவெடுக்க வழியில்லை. மதிப்பெண் 3 × 2 = 6.

ஆகவே இரண்டு முடிவுகள். சாதத்தை ஆறவைத்து மறுபயன்பாட்டுக்கு எடுக்கும் வழக்கமே இந்த கிச்சனில் இல்லை. ஒரே அண்டாவில் மொத்தமாக வடிக்காமல் சிறு சிறு ஈடாக வடிக்க வேண்டும், ஒரு ஈடு ஒன்றரை மணி நேரத்தில் தீர வேண்டும். ஹாட் கேஸில் எப்போதும் 65 டிகிரிக்கு மேல். சி.சி.பி. 2. நடுவிலும் ஓரத்திலும் மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும். ஓரம்தான் முதலில் ஆறும். 65-க்குக் கீழே இறங்கி எத்தனை நேரம் ஆனது என்று தெரியாவிட்டால் அந்த ஈடு முழுவதையும் கொட்ட வேண்டும். மிஞ்சிய சாதம் மாலை ஷிஃப்டுக்குப் போகாது, ஊழியர் சாப்பாட்டுக்கும் போகாது.

*பேஸ் கிரேவி ஆறவைத்தல்.* மதிப்பெண் 3 × 3 = 9, இந்த ஆவணத்திலேயே அதிகம். 20 லிட்டர் பாத்திரத்தை மூடி அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்தால் மேல் தொட ஜில்லென்றிருக்கும், நடு பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். பக்கத்தில் உள்ள பன்னீரும் கோழியும் சேர்ந்து சூடாகும். பேசில்லஸ் சீரியஸ் மட்டும் இல்லை, குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற பாக்டீரியாவும் கொதியைத் தாங்கும் வித்துகளை உடையது. மெதுவாக ஆறும் கெட்டியான கிரேவி அதற்கு நல்ல இடம்.

சி.சி.பி. 3. அடுப்பை அணைத்ததும் 5 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாமல் ஸ்டீல் டிரேக்களில் ஊற்றி, ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, சுத்தமான கரண்டியால் கிளறிக்கொண்டே ஆறவைக்க வேண்டும். 60 டிகிரியில் இருந்து 21-க்கு 2 மணி நேரத்துக்குள், அங்கிருந்து 5-க்கு அடுத்த 2 மணி நேரத்துக்குள். முதல் மணி நேர முடிவில் 40-க்கு மேல் இருந்தால் ஐஸ் மாற்றி, டிரேயை இரண்டாகப் பிரியுங்கள். 2 மணி நேரம் ஆகியும் 21 வரவில்லையா, கொட்டிவிடுங்கள். முந்திரி விலையை நினைத்துத் தயங்க வேண்டாம், இந்த முடிவை எடுக்க மாஸ்டருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆறிய டிரேயில் தேதி, நேரம் ஒட்டி, 48 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மின்வெட்டில் ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் வைத்து, மின்சாரம் வந்ததும் டிரேக்களை அளந்து எழுத வேண்டும்.

*மறுசூடு.* தேவையானதை மட்டும் எடுத்து, கிளறி, 75 டிகிரிக்கு மேல் குறைந்தது 2 நிமிடம். சி.சி.பி. 4. ஒருமுறை சூடாக்கியது திரும்ப ஃப்ரிட்ஜுக்குப் போகாது. ஹாட் கேஸ் சூடாக வைத்திருக்கத்தான், அதில் வைத்துச் சூடாக்கக் கூடாது.

*ஒவ்வாமை.* காளான் கிரேவி, பன்னீர், சிக்கன் எல்லாவற்றிலும் பேஸ் கிரேவி வழியாக முந்திரி இருக்கிறது. பெயரைப் பார்த்து யாரும் ஊகிக்க மாட்டார்கள். மெனுவில் ஒவ்வொரு கிரேவிக்கும் முந்திரி, பால், முட்டை விவரம் போட வேண்டும். முந்திரி ஒவ்வாமை என்று குறிப்பு வந்தால் வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, தர இயலாது என்று சொல்லி ஆர்டரை ரத்து செய்ய வேண்டும். கரண்டியைக் கழுவிவிட்டுச் சமாளிக்கலாம் என்ற பேச்சே கூடாது.

*பேக்கிங், ஒப்படைப்பு.* மூடும்போது உணவு 65 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். சி.சி.பி. 5. சூட்டைத் தாங்கும் உணவுத் தர டப்பா மட்டும், செய்தித்தாளில் எதையும் சுற்றக் கூடாது. ரைடர் 10 நிமிடத்தில் வராவிட்டால் பார்சல் சூடான அலமாரிக்குப் போக வேண்டும், 30 நிமிடம் தாண்டினால் புதிதாகப் பேக் செய்ய வேண்டும். சீலில் பேக் செய்த நேரமும் "2 மணி நேரத்துக்குள் சாப்பிடவும்" என்ற வரியும் இருக்கும். ரத்தாகித் திரும்பி வந்த பார்சல் குப்பைக்கு.

படி 3: சரிபார்ப்பு, பதிவு

தெர்மாமீட்டரைத் தினமும் காலையில் ஐஸ் கலந்த தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 0 டிகிரியில் இருந்து ஒரு டிகிரிக்கு மேல் விலகினால் மாற்ற வேண்டும். ஒவ்வொரு குத்தலுக்கும் முன்னும் பின்னும் முனையைக் கிருமிநாசினித் துணியால் துடைக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஒரு பார்சலை ரைடர் பையில் 40 நிமிடம் வைத்துத் திறந்து அளந்து, டெலிவரி தூரம் சரியா என்று பார்க்க வேண்டும்.

பதிவேட்டை மேற்பார்வையாளர் அன்றன்றே படித்துக் கையெழுத்திட வேண்டும். நாள் முழுக்க ஒரே எண்ணாக இருந்தாலோ, எல்லாம் ஒரே மூச்சில் எழுதியது போலத் தெரிந்தாலோ ஊழியரைத் திட்டுவதற்கு முன் நெரிசல் நேரத்தில் அளக்க ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும். கொட்டிய ஈடு, காரணம், நேரம் மூன்றும் பதிவாக வேண்டும்.

படி 4: எப்போது திருத்துவது

ஆறு மாதத்துக்கு ஒருமுறை. தவிர, அடுப்போ ஃப்ரிட்ஜோ மாறினாலும், டெலிவரி தூரம் கூடினாலும், உடம்பு சரியில்லை என்று ஒரே ஒரு புகார் வந்தாலும் உடனே. மெனுவில் ஃப்ரைடு ரைஸ் சேர்க்கலாம் என்று பேச்சு வந்தால், அதற்கு ஆறிய சாதம் வேண்டும். அப்போது சாதத்துக்கும் தனியாக ஆறவைக்கும் சி.சி.பி. எழுதி, டிரேக்களுக்கும் ஐஸுக்கும் இடம் ஒதுக்கிய பிறகே முதல் ஆர்டர் எடுக்க வேண்டும்.