தங்கள் நற்சான்றுக் கடிதத்திற்கு எங்கள் பட்டறையின் நன்றி

அனுப்புநர்:
மா. கதிர்வேல்,
உரிமையாளர், மோட்டார் ரீவைண்டிங் பட்டறை,
கணபதி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
திரு. ப. சிவசாமி அவர்கள்,
பராமரிப்பு மேலாளர், நூற்பாலை,
உடுமலைப்பேட்டை.

நாள்: 18.08.2025

பொருள்: தாங்கள் அளித்த நற்சான்றுக் கடிதத்திற்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கடந்த ஏப்ரல் மாதம் தாங்கள் கைப்பட எழுதிக் கொடுத்த நற்சான்றுக் கடிதத்தின் பயனாக, வேடசந்தூர் பகுதியில் மூன்று ஆலைகளை நடத்தி வரும் ஒரு நூற்பாலைக் குழுமத்தின் ஓராண்டு மோட்டார் பழுதுபார்ப்பு ஒப்பந்தம் எங்கள் பட்டறைக்குக் கிடைத்திருக்கிறது என்பதை மிகுந்த மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். புளோ ரூம் முதல் ரிங் ஃபிரேம் வரையிலும், ஈரப்பதக் கூடத்தின் விசிறி மோட்டார்கள் உட்படவும், அம்மூன்று ஆலைகளின் மோட்டார்களும் இம்மாத முதல் தேதியிலிருந்து எங்களிடம் வரத் தொடங்கிவிட்டன. தொலைபேசியில் ஒரு வார்த்தை நன்றி சொல்லி முடித்துவிடக்கூடிய செய்தியாக எனக்கு இது தோன்றவில்லை. எழுத்தில் தாங்கள் செய்த உதவிக்கு எழுத்திலேயே நன்றி சொல்வதுதான் முறை என்று கருதி இதை எழுதுகிறேன்.

தங்கள் கடிதம் எவ்வாறு பயன்பட்டது என்பதைத் தாங்கள் அறிந்துகொள்ள வேண்டும் என விரும்புகிறேன். அந்தக் குழுமத்தினர் எங்களையும் சேர்த்து மூன்று பட்டறைகளிடம் விலைப்புள்ளி கேட்டிருந்தார்கள். எங்கள் விலைதான் மூன்றிலும் அதிகம் என்பது பிறகு தெரிய வந்தது. வழக்கமாக அந்த இடத்திலேயே எங்கள் தாள் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் விலைப்புள்ளியுடன் தங்கள் கடிதத்தின் நகலையும் இணைத்திருந்ததால், அதைப் படித்த அவர்களுடைய மின் பொறியாளர் நேரில் பட்டறைக்கு வந்தார். வந்தவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதுகிறேன்: "நல்லா வேலை செய்வாங்கன்னு எல்லாரும்தான் லெட்டர் வெச்சிருக்காங்க. விலை சாஸ்திதான், ஆனாலும் அங்கதான் குடுக்கறோம்னு ஒருத்தர் எழுதியிருக்காரே, அதைப் பார்த்துட்டுத்தானுங்க வந்தேன்."

தங்கள் கடிதத்தில் "இவர்களுடைய விலை பிறரைவிடச் சற்று அதிகம்தான்" என்று தாங்கள் எழுதிய அந்த ஒரு வரியை நகல் எடுக்கும்போது விட்டுவிடலாமா என்று எங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். கடிதத்தைப் பாதியாக வெட்டினால் அது தங்கள் கடிதமாக இராது என்பதால் மறுத்துவிட்டேன். பார்த்தால், கதவைத் திறந்துவிட்டதே அந்த வரிதான். குறையும் சொல்லப்பட்ட பாராட்டைத்தான் தொழில் தெரிந்தவர்கள் நம்புகிறார்கள் என்பதைத் தாங்கள் அறிந்தே எழுதினீர்களோ, இயல்பாக எழுதினீர்களோ, எனக்குத் தெரியாது. எப்படியாயினும் அதன் பலன் எங்களுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்ததாக அவருடைய கவனத்தை ஈர்த்தவை, ரிங் ஃபிரேம் மோட்டார் ஒன்றைப் பற்றித் தாங்கள் குறித்திருந்த எண்கள். வேறொரு பட்டறையில் சுற்றி வாங்கிய 55 கிலோவாட் மோட்டார் சுமையில்லாமல் ஓடும்போதே 46 ஆம்பியர் எடுத்ததையும், அதே மோட்டாரை நாங்கள் மீண்டும் சுற்றிக் கொடுத்த பிறகு 33 ஆம்பியரில் நின்றதையும் தங்கள் ஆலையின் பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தீர்கள். 'தரமான வேலை', 'சிறந்த சேவை' என்று பத்து வரி எழுதியிருந்தாலும் அந்த இரண்டு எண்களுக்கு ஈடாகியிருக்காது. சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்துச் செம்பை மிச்சப்படுத்தினால், இரும்பில் காந்தப்பாய்வு அளவுக்கு மீறி ஏறி, சுமையே இல்லாதபோதும் மோட்டார் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும் என்பது தங்களுக்கும் அந்தப் பொறியாளருக்கும் நான் விளக்க வேண்டிய செய்தி அன்று. மோட்டார் ஓடத்தான் ஓடும். மின்கட்டணமும் சூடும்தான் ஆண்டு முழுவதும் ஏறிக்கொண்டிருக்கும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, பதிவேடு வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். தாங்கள் பதிவேடு வைத்திருக்கிறீர்கள் என்பதே அவருக்குத் தங்கள் சொல்லின் மீது மதிப்பை உண்டாக்கியது என நினைக்கிறேன்.

அவர் எங்கள் சொல்லை மட்டும் நம்பிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்று பட்டறையில் பழைய சுருள் எடுக்கப்பட்டு வெறும் கூடாகக் கிடந்த ஒரு ஸ்டேட்டரைக் காட்டி, தங்கள் கடிதத்தில் எழுதியுள்ள இரும்புச் சோதனையைத் தன் கண்முன்னே செய்துகாட்டச் சொன்னார். ஸ்டேட்டரின் உட்புறமும் வெளிப்புறமுமாகத் தடித்த கேபிளைச் சில சுற்றுகள் கோத்து மின்சாரம் கொடுத்தோம். சிறிது நேரம் கழிந்ததும் அவரே வெப்பமானியை வாங்கி ஒவ்வொரு பல்லாகக் காட்டிக்கொண்டே வந்தார். எந்த இடமும் தனியாகச் சுடவில்லை. பழைய வார்னிஷை எரித்து எடுப்பதற்குக் கேஸ் விளக்கை நேராகப் பிடிக்காமல், 370 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி கட்டுப்படுத்திய அடுப்பில் வைப்பதால்தான் தகடுகளுக்கு இடையிலுள்ள காப்பு கெடாமல் இருக்கிறது என்று எங்கள் மேற்பார்வையாளர் சொல்லத் தொடங்கியபோது, "அதான் உடுமலைக்காரர் எழுதியிருக்காரே" என்று அவர் சிரித்துக்கொண்டே நிறுத்திவிட்டார். தங்களுக்கு அவர்கள் வழங்கியிருக்கும் பெயர் இப்போது அதுதான்.

தாங்கள் கடிதத்தின் பிற்பகுதியில், தங்கள் ஆலையிலிருந்து வந்த பழைய சிறிய மோட்டார்களை நாங்கள் சுற்றாமல் திருப்பியனுப்பி, அவற்றைச் சுற்றும் செலவோடு இன்னும் சிறிது சேர்த்துப் போட்டால் திறன் மிகுந்த புதியவற்றையே வாங்கிவிடலாம் என்று சொன்னதையும் குறிப்பிட்டிருந்தீர்கள். வேலை வேண்டாமென்று சொன்ன பட்டறை என்று அதற்குத் தாங்கள் கொடுத்த தலைப்பு சற்று மிகையானது. வேலை வேண்டாமென்று சொல்லிப் பிழைப்பு நடத்த முடியாது என்பது தங்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் அந்தக் குழுமத்தின் நிதிப் பிரிவினர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் எங்களிடம் கேட்ட ஒரே நிபந்தனை அதிலிருந்து பிறந்ததுதான்: ஒவ்வொரு மோட்டாருக்கும் சுற்றலாமா, மாற்றலாமா என்று எழுத்தில் கருத்துத் தர வேண்டும் என்றார்கள். மனமுவந்து ஒப்புக்கொண்டோம்.

இவை எல்லாவற்றையும்விடத் தங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தொட்டது வேறொரு பகுதி. ஒருமுறை தாங்கள் பட்டறைக்கு வந்திருந்தபோது, சுருள் இறக்கும் மேசையருகே நெடுநேரம் நின்றிருந்தீர்கள். காப்புத்தாளை ஸ்லாட்டின் நீளத்திற்கு மடித்துச் செருகி, சுருளின் கம்பிகளைக் கொத்தாக அழுத்தாமல் சில சில இழைகளாக விரல்களால் பிரித்து உள்ளே இறக்கி, ஃபைபர் குச்சியால் தட்டிப் படியவைத்து, மேலே மூங்கில் ஆப்பை ஓட்டும் இராசாத்தி அக்காவின் வேலையைத் தாங்கள் பெயர் குறிப்பிட்டே எழுதியிருந்தீர்கள். கம்பியின் எனாமலில் ஒரு கீறல் விழாமல் இறக்குவதற்கு எந்த இயந்திரமும் எங்களிடம் இல்லை. அவருடைய விரல்கள்தான் இருக்கின்றன. பல ஆண்டுகளாக இந்த மேசையில் வேலை செய்யும் அவருடைய பெயரை ஒரு வாடிக்கையாளர் எழுத்தில் குறித்தது இதுவே முதல் தடவை. கடிதத்தை நான் அவருக்குப் படித்துக் காட்டியபோது, "பேரைச் சரியாத்தான் எழுதியிருக்காருங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் தம் மகளுக்குக் காட்ட ஒரு நகல் வேண்டுமென்று கேட்டு வாங்கிப் போனார். புதிய ஒப்பந்தத்தை ஒட்டி, அவருக்குக் கீழே இரண்டு இளம் பெண்களைப் பயிற்சிக்கு எடுத்திருக்கிறோம். அவருடைய ஊதியத்தையும் உயர்த்தியிருக்கிறோம்.

தங்கள் கடிதத்தை நாங்கள் கையாளும் முறையைப் பற்றித் தங்களுக்கு எந்த ஐயமும் இருக்கக்கூடாது என்பதால் அதையும் குறிப்பிடுகிறேன். விலைப்புள்ளி கேட்கும் ஆலைகளுக்கு மட்டுமே அதன் நகலைத் தருகிறோம்; தங்கள் தொலைபேசி எண்ணை மறைத்துவிட்டே தருகிறோம். தங்களுடன் பேச வேண்டும் என்று எவரேனும் கேட்டால், முதலில் தங்களிடம் இசைவு பெற்ற பிறகே எண்ணைக் கொடுப்போம். வேடசந்தூர்க் குழுமத்தினர் அப்படிக் கேட்டபோது தாங்கள் ஷிப்ட் மாறும் நேரத்தின் இடையிலும் அவர்களுடன் பேசியதற்குத் தனியாக ஒரு நன்றி.

இதற்குக் கைம்மாறாகத் தங்கள் ஆலையின் அடுத்த பில்லில் ஏதேனும் கழிவு தர வேண்டும் என்று எங்கள் கணக்காளர் யோசனை சொன்னார். அவருடைய எண்ணம் நல்லதே என்றாலும் நான் அதை ஏற்கவில்லை. நற்சான்று எழுதியவருக்கு விலையில் சலுகை கிடைத்தது என்று நாளை யாராவது சொன்னால், தங்கள் கடிதத்தின் மதிப்பும், தங்கள் நிர்வாகத்திடம் தங்களுக்குள்ள பெயரும் குறையும். எனவே தங்கள் ஆலைக்கு விலை எப்போதும் போல்தான். வேலையும் எப்போதும் போல்தான். தாங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

அதற்குப் பதிலாக, பயனுள்ளதாக இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிற ஒன்றைச் செய்ய அனுமதி வேண்டுகிறேன். சென்ற முறை பேசும்போது, மோட்டார் எரிந்த பிறகு பட்டறைக்கு அனுப்புவதைவிட எரியும் முன்னரே கண்டுபிடிக்கத் தங்கள் எலக்ட்ரீஷியன்கள் பழக வேண்டும் என்று சொன்னீர்கள். விசிறி மூடியில் பஞ்சு அடைத்துக்கொண்டு காற்றோட்டம் நின்றுபோவதால்தான் தங்கள் ஆலையிலிருந்து வரும் மோட்டார்களில் பல கருகுகின்றன என்பதைச் சுருளைப் பிரிக்கும்போதே காண்கிறோம். சுருளின் வெப்பம் பத்து டிகிரி கூடினால் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. ஆகவே ஒரு பிரஷ்ஷும் ஒரு துணியும் எங்களுக்கு வரும் வேலையில் பாதியைக் குறைத்துவிடக்கூடும். 500 வோல்ட் மெக்கர் வைத்து காப்புத்தடையை மாதந்தோறும் அளந்து எழுதிவரும் முறையையும், பேரிங்கின் ஓசையைக் கேட்டு அறியும் முறையையும், இன்வெர்ட்டரில் ஓடும் மோட்டார்களின் பேரிங் ஏன் விரைவில் வரிவரியாகத் தேய்கிறது என்பதையும் தங்கள் ஆட்களுக்கு அரை நாளில் செய்துகாட்ட எங்கள் மேற்பார்வையாளரை அனுப்பத் தயாராக இருக்கிறேன். தங்கள் ஆலையில் வாராந்திர விடுமுறை நாளாகிய ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாங்கள் குறிப்பிட்டால் போதும். அளவுக் கருவிகளை நாங்களே கொண்டு வருவோம். சுருளின் குறைகளைப் பிரித்துக் காட்டுவதற்காக, கருகிய ஒரு ஸ்டேட்டரையும் வண்டியில் ஏற்றி வருவோம்.

தங்கள் ஆலையின் ஈரப்பதக் கூடத்து விசிறி மோட்டார் இரண்டும் வார்னிஷ் முடிந்து அடுப்பில் இருக்கின்றன; சோதனை அறிக்கையுடன் வியாழக்கிழமை மாலைக்குள் உடுமலை வந்து சேரும். வண்டி வரும்போது பழைய பேரிங்குகளையும் தனிப்பொட்டலமாகத் திருப்பி அனுப்புகிறேன், தாங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வெளிவளையத்தில் உள்ள தடத்தைப் பார்த்தால் பெல்ட்டின் இறுக்கத்தைக் குறைக்கச் சொன்ன காரணம் விளங்கும்.

மிக்க நன்றியுடன்,

தங்கள் உண்மையுள்ள,
மா. கதிர்வேல்