முந்திரிக் கன்டெய்னரும் டாலரின் விலையும்: அந்நியச் செலாவணி, செலுத்துநிலை பற்றிய வகுப்புக் குறிப்பு

போன வாரம் நடந்த தேர்வில் பாதிப் பேர் ஒரே இடத்தில் சறுக்கியிருந்தீர்கள். "டாலர் 83 ரூபாயிலிருந்து 86 ரூபாய்க்குப் போனது, ஆகவே ரூபாயின் மதிப்பு உயர்ந்தது" என்று எழுதியிருந்தீர்கள். எண் பெரிதானதால் வந்த மயக்கம் இது. செலாவணி மாற்று வீதம் என்பது டாலரின் விலை. தக்காளி கிலோ 30 ரூபாயிலிருந்து 60 ரூபாய்க்குப் போனால் தக்காளிக்கு மவுசு கூடிவிட்டது, நம் பணத்துக்கு வாங்கும் சக்தி குறைந்துவிட்டது என்றுதானே சொல்வோம்? டாலரும் அப்படித்தான். 83 என்பது 86 ஆனால் ரூபாய் விழுந்திருக்கிறது.

எத்தனை சதவீதம் விழுந்தது என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. டாலரின் விலை 3/83, அதாவது 3.6% ஏறியது. ஆனால் ரூபாயின் மதிப்பு 3/86, அதாவது 3.5%தான் இறங்கியது. சின்ன மாற்றத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, பெரிய மாற்றத்தில் நன்றாகத் தெரியும். 1966 ஜூனில் அரசு ஒரு டாலரை 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாயாக மாற்றியது. டாலர் சுமார் 57.5% ஏறியது, ரூபாய் 36.5% இறங்கியது. இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். கேள்வியில் எதைக் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அரசே அறிவித்துக் குறைத்தால் அது பணமதிப்புக் குறைப்பு. சந்தையில் தானாக இறங்கினால் மதிப்புத் தேய்வு. 1993 மார்ச்சிலிருந்து நம் ரூபாயின் விலையைச் சந்தைதான் தீர்மானிக்கிறது. ரொம்ப ஆட்டம் போட்டால் ரிசர்வ் வங்கி கையிருப்பு டாலரை விற்றோ வாங்கியோ கொஞ்சம் அடக்கும். அப்புறம், வங்கிக் கிளையில் தொங்கும் பலகையைப் பாருங்கள், டாலருக்கு எதிரே இரண்டு வீதங்கள் இருக்கும். குறைந்தது வங்கி வாங்கும் விலை, கூடியது விற்கும் விலை. இறக்குமதியாளருக்கு வங்கி டாலரை விற்கிறது, ஆகவே அவர் கணக்கில் வருவது பெரிய எண்.

சரி, செலுத்துநிலைக்கு வருவோம். ஒரு நாட்டில் வாழ்வோர் உலகத்தோடு ஓராண்டில் செய்த கொடுக்கல் வாங்கல் அத்தனைக்கும் இரட்டைப் பதிவு முறையில் எழுதிய கணக்கு இது. வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிது இல்லை. வெளிநாட்டுப் பணம் உள்ளே வந்தால் வரவு, வெளியே போனால் பற்று. பேரேடு கடைசியில் எப்போதும் சமமாகத்தான் நிற்கும். அப்படியானால் செய்தித்தாளில் "பற்றாக்குறை" என்கிறார்களே, அது என்ன? பெரும்பாலும் நடப்புக் கணக்கில் விழுந்த துண்டைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

நடப்புக் கணக்கில் சரக்கு ஏற்றுமதி, இறக்குமதி, மென்பொருள் போன்ற சேவைகள், வட்டி, ஈவுத்தொகை, வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் ஆகியவை வரும். மூலதனக் கணக்கில் அந்நிய முதலீடு, வெளிக்கடன், வங்கி வைப்பு ஆகியவை வரும். இங்கே நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று: துபாயிலிருந்து ஒருவர் அம்மாவின் செலவுக்கு 50,000 ரூபாய் அனுப்பினால் எந்தக் கணக்கு? நடப்பு. அதே ஆள் அதே தொகையைத் தன் பெயரிலுள்ள வெளிநாடுவாழ் இந்தியர் வைப்புக் கணக்கில் போட்டால்? மூலதனம். முதலாவதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டாவது, வங்கி அவருக்குப் பட்ட கடன்.

நடப்பில் விழுந்த துண்டை மூலதன வரவு நிரப்ப வேண்டும். அதுவும் போதாவிட்டால் ரிசர்வ் வங்கியின் கையிருப்பு கரையும். 1991இல் அதுதான் நடந்தது. வளைகுடாப் போரால் எண்ணெய் விலை ஏறியது, வெளிக்கடன் கிடைக்கவில்லை. அந்த ஆண்டு ஜனவரியில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறக்குறைய 120 கோடி டாலருக்கு வந்துவிட்டது. சில வார இறக்குமதிக்குக்கூடத் தட்டுப்பாடு. ஜூலையில் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தார்கள். அதே மாதம் 1, 3 தேதிகளில் இரு கட்டமாக ரூபாயின் மதிப்பையும் குறைத்தார்கள். வீட்டில் அவசரத்துக்கு நகையை அடகு வைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு நாடும் அந்த நிலைக்கு வரலாம்.

இனி முக்கியமான பகுதி: ரூபாய் விழுந்தால் இறக்குமதி என்னவாகும்? பண்ருட்டியில் ஒரு முந்திரி ஆலைக்காரர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து தூத்துக்குடி வழியாகப் பச்சைக் கொட்டை வரவழைக்கிறார். 20 டன், டன்னுக்கு 1,200 டாலர், மொத்தம் 24,000 டாலர். ஒப்பந்தம் போட்ட நாளில் டாலர் 83 ரூபாய். மனதில் போட்ட கணக்கு 19,92,000 ரூபாய். பணம் கட்டும் நாளில் 86 ஆகிவிட்டது. இப்போது 20,64,000 கட்ட வேண்டும். கொட்டையின் விலை ஏறவில்லை, கப்பல் வாடகை ஏறவில்லை, 72,000 ரூபாய் மட்டும் காணாமல் போனது. சரக்குக்குச் சுங்க வரி உண்டென்றால் அதுவும் சேர்ந்து ஏறும், ஏனென்றால் டாலர் விலையை ரூபாயாக மாற்றித்தான் வரி போடுகிறார்கள். இதைத் தவிர்க்க அவர் ஒப்பந்தம் போட்ட அன்றே வங்கியில் முன்னோக்கு ஒப்பந்தம் எடுத்திருக்கலாம், அதாவது மூன்று மாதம் கழித்து வாங்கப்போகும் டாலருக்கு இன்றே விலை பேசி வைப்பது. அதற்கும் ஒரு செலவு உண்டு. டாலர் இறங்கினால் அந்த லாபமும் கைக்கு வராது.

"இறக்குமதி விலை கூடினால் வாங்குவது குறையும், பற்றாக்குறை தீரும்" என்று புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வரி பிடிக்காது. எந்தப் பொருள் என்று கேட்க வேண்டும். வெளிநாட்டுச் சாக்லேட் விலை ஏறினால் வாங்காமல் விடலாம். ஆனால் நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்துதான் வருகிறது. சமையல் எண்ணெயிலும் பாதிக்கு மேல் இறக்குமதிதான். இவற்றின் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பது, குறைவு. விலை ஏறினாலும் பஸ் ஓட வேண்டும், வடை சுட வேண்டும். ஆகவே ரூபாய்ச் செலவுதான் கூடும். டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும், ஒட்டன்சத்திரத்தில் விளைந்த தக்காளிக்கும் அது வந்து ஒட்டிக்கொள்ளும்.

நேரமும் ஒரு விஷயம். பழைய ஒப்பந்தங்கள் முடிகிறவரை அளவு மாறாது. ஏற்றுமதியாளருக்குக் கொண்டாட்டம் என்று சொல்வார்கள். திருப்பூர்ப் பனியனுக்கு ஒரு டாலருக்கு 86 கிடைப்பது உண்மைதான். ஆனால் வெளிநாட்டு வாங்குநரும் பத்திரிகை படிப்பவர். "உங்கள் ரூபாய் இறங்கிவிட்டதே, விலையைக் குறையுங்கள்" என்று அடுத்த ஆர்டரிலேயே பேரம் பேசுவார். இதனால் மதிப்பு இறங்கிய புதிதில் பற்றாக்குறை இன்னும் மோசமாகி, கொஞ்ச நாள் கழித்துத்தான் சீராகத் தொடங்கும். வரைபடமாகப் போட்டால் அது ஆங்கில J எழுத்துபோல் இருக்கும், அதனால் அதற்கு J வளைகோடு என்று பெயர். சீராகுமா என்பதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு: ஏற்றுமதித் தேவையின் நெகிழ்ச்சியும் இறக்குமதித் தேவையின் நெகிழ்ச்சியும் கூட்டினால் ஒன்றுக்கு மேல் வர வேண்டும். இதற்கு மார்ஷல்-லெர்னர் நிபந்தனை என்று பெயர்.

திங்கட்கிழமைக்கு ஒரு கணக்கு. நம் பண்ருட்டி ஆலைக்காரர் அந்தக் கொட்டையை உடைத்து எடுத்த பருப்பில் பாதியை வெளிநாட்டுக்கு 15,000 டாலருக்கு விற்கிறார், மீதியை உள்ளூரில் விற்கிறார். இரண்டு ஒப்பந்தங்களும் டாலர் 83 ரூபாயாக இருந்தபோது போட்டவை, இரண்டுக்கும் பணம் கைமாறும் நாளில் 86. வங்கியின் இரட்டை விலையை விட்டுவிடுங்கள். ரூபாய் விழுந்ததில் அவருக்கு நிகரமாக லாபமா நட்டமா, எவ்வளவு? அவருடைய இரு பரிவர்த்தனைகளும் செலுத்துநிலையில் எந்தப் பக்கம் எழுதப்படும்? வழிமுறையோடு எழுதி வாருங்கள். விடையை மட்டும் எழுதினால் மதிப்பெண் போட மாட்டேன்.