தரக்கட்டுப்பாட்டு உதவியாளர் வேலை: முன்னாள் ஊழியரின் மீள்விண்ணப்பம் (ஊழியர் இலக்கம் 0382)

மதிப்புக்குரிய அம்மணி,

வணக்கம். 2019 யூன் முதல் 2023 மார்ச் வரை உங்கள் சம்மாந்துறை அரிசி ஆலையில் தரக்கட்டுப்பாட்டு உதவியாளராக இருந்தேன். அம்மாவின் சத்திரசிகிச்சைக்காக, ஒரு மாத முன்னறிவித்தலுடன், பதிவேடுகளை ஒப்படைத்துவிட்டே விலகினேன். அம்மா இப்போது நலம். அதே வேலைக்கு ஆள் தேடுவதாக அறிந்தேன். திரும்பி வர மிகவும் விரும்புகிறேன்.

லொறியில் வரும் நெல்லை மேல் மூட்டையில் மட்டும் பார்த்தால் ஈரப்பதன் தவறாகத் தெரியும். நடு, அடி மூட்டைகளிலும் மாதிரி எடுத்தே 14 வீதத்தை உறுதி செய்வேன். அவித்த நெல்லை ஒரே மூச்சில் காயவிட்டால் மணி வெடித்துக் குறுணல் கூடும். 18 வீதமளவில் நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிட்டு, பிறகு 14க்குக் காயவைக்கும் முறையில்தான் அங்கு வேலை செய்தேன்.

விலகிய பின் வாழைச்சேனையில் ஒரு நெல் களஞ்சியத்தில் இருப்புக் கணக்கும் பார்க்கிறேன். எக்செல் இப்போது நன்றாகக் கைவந்திருக்கிறது.

முன்னாள் ஊழியரை மீண்டும் சேர்க்க உங்கள் நடைமுறை இடம் தருமா, பழைய சேவைக்காலம் கணக்கில் வருமா என்பதை அறியத் தாருங்கள். சம்பளம் பற்றி நேரில் பேசலாம். பெரும்போக அறுவடைக்கு முன், ஜனவரி 15 முதல் வேலைக்கு வரமுடியும். வார நாட்களில் மாலை 4 மணிக்குப் பின் அழைக்கலாம். சுயவிபரக் கோவையும் சேவைச் சான்றிதழும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
த. சுகந்தினி
களுவாஞ்சிகுடி