அலமாரி போட்டோவைப் பார்த்து தங்கைக்கு எழுதியது

தங்கச்சி,

நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி, தட்டு தட்டாகப் பார்த்துவிட்டேன். துணிகள் குறைவில்லை, கீழே போடும் பேன்ட்டுகள்தான் உனக்குக் குறைவு. அதனால்தான் இத்தனை குர்தா இருந்தும் காலையில் எதுவும் சேராதது போலத் தெரிகிறது. புதிதாக எதையும் வாங்காதே. இருப்பதைச் சரிசெய்தாலே போதும்.

முதலில் வைத்துக்கொள்ள வேண்டியவை. கம்பியில் தொங்கும் வெள்ளைச் சட்டை, நீலக் கோடு போட்ட சட்டை, கடுகு மஞ்சள் குர்தா, பூப் போட்ட மெரூன் குர்தா. நடுத்தட்டில் கறுப்புப் பேன்ட், ஜீன்ஸ், நேவி ப்ளூ பேன்ட். அந்த நேவி ப்ளூ எனக்குச் சந்தேகம்தான். மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் எடுத்த போட்டோவில் கறுப்பும் கருநீலமும் ஒன்றாகத்தான் தெரியும். பகலில் ஜன்னல் ஓரம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார். சாம்பல் நிறக் கார்டிகன் கட்டாயம் இருக்கட்டும். ஆனால் அதை ஹேங்கரில் மாட்டாதே, பின்னல் துணி தன் எடையிலேயே இழுபட்டு தோள் பக்கம் முண்டு விழும். மடித்து வை.

இப்போது ஆல்டருக்குப் போக வேண்டியவை. உன் அலமாரியின் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. கரும்பச்சை குர்தா பக்கவாட்டில் தொளதொளவென்று இருப்பதாகச் சொன்னாய். தோள் தையல் சரியாகத் தோள் முனையில் உட்கார்ந்தால், பக்கத்தைப் பிடித்துக் கொடுப்பது சுலபம். தோளே இறங்கியிருந்தால் கையைப் பிரித்து மறுபடி வைக்க வேண்டும். அது பெரிய வேலை, அந்தத் துணிக்கு அவ்வளவு செய்ய வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடலாம். அரை வெள்ளை பலாசோ தரையைப் பெருக்குகிறதே, அதன் உயரத்தைக் குறைக்கச் சொல். பருத்தி என்றால் ஒரு தடவை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடு, இல்லையென்றால் தைத்த பிறகு சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். எந்தச் செருப்போடு போடப் போகிறாயோ, அதைப் போட்டுக்கொண்டு நின்று அளவு கொடு.

இறுக்கமாகிவிட்ட ஊதா குர்தாவை உள்பக்கம் திருப்பிப் பார். தையலுக்கு அப்பால் ஓர் அங்குலமாவது துணி விட்டிருந்தால் பிரித்து விடலாம். இல்லையென்றால் அதுவும் கொடுக்கும் குவியலுக்குத்தான். பட்டுத் துணியாக இருந்தால் பிரித்த இடத்தில் ஊசித் துளை தெரியும் என்பதையும் யோசித்துக்கொள். வெளுத்துப்போன கறுப்புக் குர்தா பருத்தியாக இருந்தால் சாயம் ஏற்றலாம். பாலியஸ்டர் என்றால் பருத்திக்கான சாயம் பிடிக்காது.

கொடுக்க வேண்டியவை: மேல்தட்டில் சுருட்டி வைத்திருக்கும் ரோஸ் நிற டாப்ஸ் மூன்று, கீழ்த்தட்டில் கிடக்கும் கல்லூரிக் கால டி-ஷர்ட்டுகள், அந்தப் பளபளப்பான கவுன். கவுனை விட மனசு வராது, தெரியும். அது நல்ல துணி, அதனாலேயே யாராவது போட்டுக்கொள்ளட்டும். துவைத்து, பட்டன் விட்டிருந்தால் தைத்து, பிறகு கொடு. கிழிந்தது, கறை போகாதது எதையும் அதில் சேர்க்காதே. அவை துடைக்கும் துணியாகட்டும்.

சரி, இப்போது ஜோடி சேர்ப்போம். பச்சை குர்தாவும் பலாசோவும் தையல்காரரிடமிருந்து வந்துவிட்டால் மேலே ஐந்து, கீழே நான்கு. இருபது ஜோடி. அதில் வெள்ளைச் சட்டையும் அரை வெள்ளை பலாசோவும் வேண்டாம், ஒன்று அழுக்கானது போலத் தெரியும். மெரூன், கரும்பச்சை இரண்டையும் நேவி ப்ளூவோடு போடாதே, இருட்டாகிவிடும். மீதி பதினேழும் தாராளமாகப் போடலாம்.

அலுவலக வாரத்துக்கு இப்படி வைத்துக்கொள். திங்கள், வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும். ஏசி அதிகமென்றால் கார்டிகன். செவ்வாய், கடுகு மஞ்சளும் பலாசோவும், மேலே கம்பியின் கோடியில் தொங்கும் பல நிறத் துப்பட்டா. அதில் மஞ்சள், மெரூன், நீலம் மூன்றும் இருப்பதால் பூப் போடாத உன் எல்லாக் குர்தாவோடும் சேரும், அதைப் பத்திரமாக வை. புதன், கோடு சட்டையும் நேவி ப்ளூவும். வியாழன், மெரூனும் மறுபடி கறுப்பும். குர்தாவில் பூ இருப்பதால் துப்பட்டா வேண்டாம், இரண்டு டிசைன் ஒன்றோடொன்று மோதும். வெள்ளி, பச்சையும் ஜீன்ஸும்.

ஒவ்வொரு ஜோடியையும் கட்டில் மேல் விரித்து, பகல் வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, போனில் தனி ஆல்பமாக வைத்துக்கொள். காலையில் அதைப் பார்த்து எடுத்துப் போட்டால் போதும். தையல்காரரிடம் இந்த வாரமே போய்விடு, ஆல்டர் பையை அலமாரிக்குள் திரும்ப வைக்காதே, வாசல் பக்கம் மாட்டி வை. பச்சை குர்தாவின் தோள் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று போட்டுப் பார்த்து ஒரு போட்டோ அனுப்பு, பிடிப்பதா கொடுப்பதா என்று சொல்கிறேன்.

அக்கா