தொழில் சுருக்கம்: பருப்பு ஆலை மேற்பார்வையாளர், உற்பத்தி மேலாளர் பொறுப்புக்கு

ரங்கூன் டகோன் செய்க்கான் தொழிற்பேட்டையில் உளுந்து, துவரை, பச்சைப்பயறு சுத்தம் செய்து ஏற்றுமதிக்குத் தரம் பிரிக்கும் ஆலையில் 17 வருட வேலை. மூட்டை தூக்குபவனாகச் சேர்ந்து மெஷின்காரனாகி, 2018 ஆகஸ்ட் முதல் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் ஒரு லைன், இரண்டு ஷிஃப்ட், 34 பேர். சிரியம் பக்கம் நீங்கள் நடத்தும் மூன்று லைன் ஆலையின் உற்பத்தி மேலாளர் பொறுப்பைக் கேட்டு இதை எழுதுகிறேன்.

2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்து ஆறு வாரம் கழித்து வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு வயது 19. முதல் வேலையே நனைந்த உளுந்தைப் பிரித்துக் காயவைப்பதுதான். எந்த மூட்டை பிழைக்கும், எது பிழைக்காது என்று மோந்து பார்த்துச் சொல்ல அங்கேதான் பழகினேன். 2011இல் சல்லடைக்கும் கல் பிரிக்கும் மெஷினுக்கும் மாற்றினார்கள். 2014இல் கலர் சார்ட்டர் வந்ததும் அதன் பொறுப்பு கிடைத்தது. மெஷின் பூட்ட வந்தவர் பத்து நாள்தான் இருந்தார். மற்றதை அதைக் கழற்றிப் பூட்டித்தான் தெரிந்துகொண்டேன்.

மேற்பார்வையாளரானதும் முதலில் பார்த்தது கழிவுத் தட்டை. ஒரு ஷிஃப்டுக்கு 40 டன் ஓடினால் சார்ட்டர் கழிவு 1,200 கிலோ போல வரும். அதை அப்படியே மாட்டுத் தீவனத்துக்கு எடை போட்டுவிடுவார்கள். நான் மணிக்கு ஒருமுறை அந்தத் தட்டில் 100 கிராம் அள்ளி, மேஜையில் கொட்டி, கையால் பிரித்து எடை போட்டேன். மூன்றில் ஒரு பங்கு நல்ல உளுந்து! கண்ணாடியில் தூசி, காற்றுக் குழாயில் தண்ணீர், கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறியதும் விளக்கு சூடாகும் முன்பே சரக்கை விடுவது, இந்த மூன்றும்தான் காரணம். இரண்டு மணிக்கு ஒருமுறை கண்ணாடி துடைப்பது, ஷிஃப்ட் தொடங்கும்போது கம்ப்ரஸர் தண்ணீரை வடிப்பது, மாற்றம் நடந்தால் கால் மணி நேரம் சரக்கை நிறுத்துவது என்று வைத்தோம். 400 கிலோவாக இருந்த நல்ல சரக்கு நஷ்டம் 150 கிலோவுக்கு இறங்கியது. ஷிஃப்டுக்கு ஐந்து மூட்டை மிச்சம். ஒரு ரூபாய்க்குக்கூட புது மெஷின் வாங்கவில்லை.

கரண்ட் விஷயம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லைன் ஓடும்போது சட்டென்று நின்றால் பக்கெட் எலிவேட்டரின் அடியில் சரக்கு குவிந்து, திரும்பப் போடும்போது பெல்ட் வழுக்கும். அதைத் திறந்து கையால் அள்ள முக்கால் மணி நேரம். பேனலில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே சாக்பீஸால் பர்மிய எண் எழுதினேன். போடும்போது கடைசி மெஷினிலிருந்து முதல் மெஷினுக்கு வர வேண்டும், சரக்கு விடும் வாய் எப்போதும் கடைசி. நேற்று வந்த பையனும் தப்பில்லாமல் போடுகிறான். பிறகு அந்த எண்களைப் பெயின்டில் எழுதிவிட்டோம்.

என் கையால் நடந்த ஒரு தவறையும் இதில் சேர்க்கிறேன். 2019 மழைக்காலத்தில் சென்னைக்குப் போன ஒரு கன்டெய்னர், 480 மூட்டை, எஃப்ஏக்யூ உளுந்து. மழை விட்ட இடைவெளியில் அவசரமாக ஏற்றினோம். ஈரப்பதம் பதிமூன்றரைக்கு மேல் இருந்தது எனக்குத் தெரியும். கப்பல் தேதி போய்விடும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வழியில் கன்டெய்னர் கூரையில் வேர்த்து, மேல் வரிசை மூட்டைகள் பூசணம் பிடித்து இறங்கின. வாங்கியவர் விலையில் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து 12க்கு மேல் காட்டினால் யார் சொன்னாலும் ஏற்றுவதில்லை. ஒரு லாட்டுக்கு ஐந்து இடத்தில் ஊசி குத்தி மாதிரி எடுத்து, மீட்டர் காட்டியதை ஏற்றும் நோட்டில் எழுதி, லாரி டிரைவரையும் கையெழுத்துப் போடச் சொல்கிறேன். கன்டெய்னர் சுவருக்கும் கூரைக்கும் தாள் விரித்து, ஈரம் உறிஞ்சும் பைகளைத் தொங்கவிடுகிறோம். அதன் பிறகு ஈரத்துக்காக ஒரு புகாரும் வரவில்லை. உங்கள் ஆலையிலும் இதே கறார்தான் இருக்கும். கப்பல் தேதியைச் சொல்லி நெருக்கினால் நம் இருவருக்கும் சண்டை வரும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

34 பேரில் 20 பேர் கையால் பொறுக்கும் பெண்கள். பெரும்பாலும் பர்மியர், சிலர் கரேன், எட்டுப் பேர் நம்மவர்கள். நம் தொழிலில் பெரிய தலைவலி திஞ்ஜான் கழிந்த வாரம். உளுந்து வந்து குவியும் நேரத்தில் ஊருக்குப் போனவர்கள் திரும்பமாட்டார்கள். 2019இல் ஒன்பது பேர் வரவில்லை. கூலிதான் காரணம் என்று முதலாளி நினைத்தார். நான் நாலு பேர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன். ஃபெரி வண்டி அவர்கள் தெருவுக்கு வராமல் பெரிய ரோட்டிலேயே இறக்கிவிட, இரவு ஷிஃப்ட் முடிந்து இருட்டில் நடக்கப் பயந்திருக்கிறார்கள். அடுத்த மாதமே வண்டியின் வழியை மாற்றினோம். போன வருடம் திரும்பாதவர் இரண்டு பேர், அதில் ஒருத்திக்குக் கல்யாணம்.

2024க்குப் பிறகு இளம் பையன்கள் கிடைப்பது குறைந்துவிட்டது. பொறுக்கும் பெண்களில் மூன்று பேரைச் சார்ட்டர் ஓட்டப் பழக்கினேன். தங்களை இன்று எந்தப் பையனோடும் போட்டிக்கு விடலாம் என்று அந்த மூவருமே சொல்வார்கள், எனக்கும் அதில் மறுப்பு இல்லை. 30 பேருக்கு மேல் உள்ள ஆலைக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய ஒருங்கிணைப்புக் குழுவில் நான் முதலாளி தரப்பில் உட்காருகிறேன். மிகைநேரக் கணக்கு, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் இரண்டையும் மாதச் சம்பளத்துக்கு முன்பே பட்டியலாக ஒட்டிவிடுவதால் சம்பள நாளில் வாக்குவாதம் இல்லை.

பாதுகாப்பில் எனக்கு இரண்டே பிடிவாதம். எலிவேட்டருக்குள் கை விடுபவர் பேனல் சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்திருக்க வேண்டும். புகை போடும் நாளில் கிடங்கு வாசலில் பர்மியிலும் தமிழிலும் பலகை, உரிமம் உள்ள ஆட்கள் காற்றைச் சோதித்துக் கையெழுத்திடும் வரை கதவு திறக்காது. ஏழு வருடத்தில் ஒரு விரல் நசுங்கியது, அதற்குப் பிறகு வந்ததுதான் சாவி விதி.

தமிழ், பர்மி பேச எழுத வரும். கொஞ்சம் ஹிந்தி பேசுவேன். பள்ளிப் படிப்பு எட்டாம் வகுப்பு வரை பர்மியில், தமிழ் எழுத்து கோவிலில் நடந்த ஞாயிறு வகுப்பில். ஆங்கிலத்தில் பில், எடைச்சீட்டு, சான்றிதழ் படிக்கத் தெரியும், கடிதம் எழுத வராது. கம்ப்யூட்டரில் உற்பத்திக் கணக்கு போடுவேன், ஆனால் வருட பட்ஜெட் நான் தயாரித்ததில்லை. அதற்கு முதல் வருடம் உங்கள் கணக்குப்பிள்ளையோடு உட்கார வேண்டும். பயின்னாங் சந்தையில் விலை பேசும் வேலை எனக்கு வேண்டாம், தரம் பார்க்க மட்டும் கூப்பிட்டால் வருவேன்.

மூன்று லைனுக்கு ஆள், பராமரிப்பு, ஏற்றுமதித் தரம், பாதுகாப்பு எல்லாம் ஒரே கையில் இருந்தால்தான் என்னால் கணக்குக் காட்ட முடியும். ஏற்றும் முன் நிறுத்தும் அதிகாரமும் வேண்டும். சம்பளத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

இப்போதைய முதலாளியிடம் உளுந்து சீசன் முடியும் வரை இருப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் மே மாதம் முதல் வாரத்துக்கு முன் வர முடியாது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் வந்து உங்கள் மூன்று சார்ட்டரின் கழிவுத் தட்டிலும் 100 கிராம் அள்ளிப் பார்த்துச் சொல்கிறேன்.