அலுப்பு, அசதி, அப்புறம் முடியலை

வியாழன், இரவு 11.20
பள்ளத்தூர் வீடு, பட்டாலை

எழுத உட்காருமுன் முந்தைய பக்கங்களைப் புரட்டினேன். நேற்று: "இன்றும் ரொம்ப டயர்டு." முந்தாநாள்: "பயங்கர டயர்டு." ஊருக்கு வந்த அன்று: "டயர்டு. நாளைக்கு எழுதுகிறேன்." மூன்று நாளும் அந்த ஒரே சொல். முந்தாநாள் எனக்குக் கால் வலித்ததா, தூக்கம் போதவில்லையா, யார் மேலாவது எரிச்சலா என்று இப்போது கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

அதனால் இன்றைக்கு அந்தச் சொல் கிடையாது. காலையிலிருந்து உடம்புக்கு என்னென்ன ஆனதோ அதையெல்லாம் அதனதன் பேரைச் சொல்லி எழுதப் போகிறேன். ஃபேன் காற்றில் தாள் படபடவென்று அடித்துக்கொள்கிறது. ஓரத்தில் சாவிக்கொத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன், அது அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, சாந்திக் கல்யாணம், அறுபதாம் கல்யாணம். அதற்காகத்தான் வீட்டைத் திறந்தது. ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது குடும்பத்துக்கு, பொதுவான வீடு, பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் மட்டுமே கதவு திறப்பது. முகப்பிலிருந்து பின்கட்டு வரை கூட்டி முடிப்பதற்குள் முகப்பில் மறுபடி தூசி படிந்துவிடுகிறது. புறாக்கள் வேறு. பர்மாத் தேக்குத் தூணைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் அதன் உச்சியில் ஒன்று உட்கார்ந்து என்னையே பார்க்கிறது.

4.30 மணிக்கு ஆத்தா எழுப்பியபோது இருந்தது தூக்கக் கலக்கம். அதில் நோவு எதுவும் இல்லை. ஆள் எழுந்தாயிற்று, அறிவு மட்டும் இன்னும் பாயில் கிடக்கிறது, அவ்வளவுதான். சட்டியில் இருந்த கோலமாவை டிக்காஷன் பாத்திரத்துக்குக் கொண்டுபோனேன். அண்ணன் மனைவி, எங்கள் பேச்சில் அண்ணமிண்டி, கையைப் பிடித்துத் தடுத்திருக்காவிட்டால் வீடு முழுக்க இன்று கோலக் காப்பிதான்.

தூக்கத்திலேயே எத்தனை படி என்று யோசித்துப் பார்த்தேன். கொட்டாவி வருவது முதல் படி, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அடுத்தது கண் சொக்குவது. அதில் கொஞ்சம் சுகம்கூட இருக்கிறது, நல்ல காற்றுக்கும் தாலாட்டுக்கும் சொக்கலாம். அப்புறம் கண்ணைக் கட்டுவது. இது நம் கையில் இல்லை, யாரோ பின்னாலிருந்து துணியை வைத்து இறுக்குகிற மாதிரி. கடைசியில் கண் செருகுவது. அதற்குமேல் அந்த ஆளிடம் பேசிப் பயனில்லை. தூங்கி வழிவதும் சாமியாடுவதும் பார்க்கிறவர்கள் வைக்கிற பெயர்கள். வழிகிறவருக்குத் தான் வழிவது தெரியாது.

அயித்தை மதியம் சாமியாடினார்கள். சோறு, வெண்டைக்காய் மண்டி, அப்பளம், கடைசியில் பால் பணியாரம் நாலு. தூணில் சாய்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடித்த கையோடு முன்னால் சரிந்து, சட்டென்று நிமிர்ந்து, "என்னங்கிறேன், நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்கள். உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். உழைத்த மயக்கத்துக்குத்தான் இப்படி ஒரு பழமொழி கிடையாது. எனக்கு நினைவில் வரவில்லையோ என்னவோ.

நான் சாய்ந்து உட்காரவில்லை, விளக்குகள் காத்திருந்தன. பித்தளைக் குத்துவிளக்கு 14, அதில் இரண்டு என் இடுப்பு உயரம். ஊறவைத்த புளியைக் கையில் அள்ளி, திரிமுகத்தில் வைத்து, பெருவிரலால் ஒவ்வொரு மூக்காகத் தேய்க்க வேண்டும். கறுப்பாக இருந்தது முதலில் செம்மண் நிறமாகி, தண்ணீர் ஊற்றியதும் மஞ்சளாகப் பளிச்சென்று வரும். அந்த ஒரு நொடிக்காகவே அடுத்த விளக்கை எடுக்கத் தோன்றும். ஏழாவது விளக்கில் நகக்கண்ணில் புளி ஏறி எரிய ஆரம்பித்தது. பத்தாவதில் பளிச்சென்று வருவதைப் பார்க்கக்கூட எனக்கு மனதில்லை.

ஏழாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் என்ன ஆனது என்பதைத்தான் எழுத வேண்டும். ஏழில் இருந்தது களைப்பு. வேர்த்தது, நா வறண்டது, தோள் இறங்கியது. ஒரு சொம்பு நீர்மோர் குடித்துப் பத்து நிமிஷம் காலை நீட்டினேன், போய்விட்டது. களைப்புக்கு இதுதான் அடையாளம், தீர்ந்துவிடும். களைப்புத் தீரக் குளித்தேன், களைப்பாறினேன் என்றெல்லாம் பேச்சே அதற்குப் பின்னால் முடிவை ஒட்டிக்கொண்டு வருகிறது.

பத்தில் வந்தது சலிப்பு. உடம்பில் தெம்பு இருந்தது, இன்னும் பத்து விளக்கு தேய்த்திருப்பேன். அந்தப் புளி வாடைதான் வேண்டாமென்று இருந்தது. நீர்மோருக்கு அது அடங்கவில்லை. அண்ணமிண்டி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் சாமான் பரப்பியபோது யார் எந்த எனாமல் தூக்கைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டு போனார்கள் என்ற கதையைச் சொல்ல ஆரம்பித்ததும்தான் போயிற்று. மிச்சம் நாலும் எப்படி முடிந்ததென்றே தெரியவில்லை.

அலுப்பு இரண்டு பக்கமும் கால் வைத்திருக்கிற சொல். பஸ்ஸில் வந்த அலுப்பு என்றால் உடம்பு. பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு என்றால் மனசு. ஆனால் எங்கள் பக்கத்தில் வெறுமனே அலுப்பு என்றால் உடம்புதான், எலும்புக்குள் இருக்கிற அந்த மந்தமான வலி. வெந்நீரில் குளித்தால் இளகும். நாட்டு மருந்துக் கடையில் அலுப்பு மருந்து என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள், சுக்கும் மிளகும் காட்டமாக நெடி அடிக்கும். களைப்பு மருந்து, சலிப்பு மருந்து என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

4 மணிக்கு அசதி. இது களைப்பைவிட ஒரு படி கீழே இறங்கியது. கை கால் நம்முடையதுதான், ஆனால் தூக்கினால் எடை கூடியிருக்கிறது. ஆத்தங்குடிக் கல் குளுகுளுவென்றிருந்தது, சும்மா ஒரு நிமிஷம் முதுகைச் சாய்ப்போம் என்று பட்டாலையில் சரிந்தேன். அசந்துவிட்டேன். முக்கால் மணி நேரம். கன்னத்தில் கல்லின் ஓர வரி பதிந்திருக்கிறது என்று அண்ணன் மகன் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினான். தூங்கினேன் என்றால் தெரிந்து செய்தது, அசந்தேன் என்றால் அது நடந்துபோனது. அதனால்தான் "கொஞ்சம் அசந்துட்டேன்" என்று சொன்னால் யாரும் திட்டுவதில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே மன்னிப்பு இருக்கிறது.

சோர்வு என்று ஒன்று இருக்கிறது, எனக்கு இன்று வரவில்லை. அது காய்ச்சல்காரர்களுக்கும் பட்டினி கிடப்பவர்களுக்கும் ஆனது, முகத்தில் தெரியும். ஆயாசம் என்பது தாத்தா காலத்துச் சொல், ஈஸிசேரில் சாய்ந்துகொண்டுதான் அதைச் சொல்ல முடியும்.

சாயங்காலத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறேன், அதில் சொல்ல ஒன்றுமில்லை. பந்தல்காரர் வந்தார், சமையல்காரர் பட்டியலோடு வந்தார், இருவருக்கும் ஒரே மூலைதான் வேண்டுமாம். 8 மணிக்கு அடித்துப்போட்ட மாதிரி ஆகிவிட்டேன். இதற்குப் பெயர்ச்சொல்லே இல்லை பாருங்கள், மாதிரிதான் இருக்கிறது. நாக்குத் தள்ளியது, பெண்டு கழன்றது, நாராய்க் கிழிந்தது, ஓய்ந்துபோனேன். உடம்பு கடைசிப் படிக்குப் போனதும் தமிழ் பெயர் சொல்வதை விட்டுவிட்டு அடி வாங்கினது, கிழிந்தது, கழன்றது என்று நடந்த கலவரத்தை விவரிக்க ஆரம்பித்துவிடுகிறது.

ஆத்தா மட்டும் 8 மணிக்கும் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தாள். "சளைக்காம செய்வா உங்காத்தா" என்றார்கள் அயித்தை. சளைக்காமல், அயராமல், ஓயாமல். பாராட்டும்போது இந்த மூன்று சொல்லையும் எதிர்மறையில்தான் பேசுகிறோம். "நான் இன்று சளைத்தேன்" என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறோமா? ஆத்தாளைப் பாராட்டுகிறவர்கள் எல்லோரும் அவளுக்கு அந்தச் சொல்லின் பாதியைத் தான் கொடுக்கிறார்கள். "அலுப்பா இருக்கா?" என்று கேட்டேன். "அலுப்புக்கென்ன, அது கிடக்கும்" என்று சொல்லிவிட்டு, நான் குறுக்கே பேசியதில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து ஆரம்பித்தாள். 120 தேங்காய்.

இன்னொன்று. இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

மாடியறையைத் திறக்க அப்பச்சி போனார். செங்குத்தான மரப்படி, எனக்கே மேலே போவதற்குள் மூச்சு வாங்கும். ஐந்தாறு படி ஏறியவர் நின்றார். இறங்கி வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இளைப்புதான், கொஞ்சம் இளைப்பாறினால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்து வந்தேன். பாதி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே, "முடியலை ஆத்தா" என்றார். என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார்.

முடியலை என்று நாங்கள் எல்லோரும் நாளுக்குப் பத்துத் தடவை சொல்கிறோம். வெயிலுக்கு முடியலை, இவனோட முடியலை, சிரிச்சு முடியலை. ஆபீசில் மீட்டிங் முடிந்து வந்தால் முடியலை. அப்பச்சி சொல்லி நான் கேட்டதே இல்லை. ஒரு காலத்தில் பழனிக்குக் காவடியோடு நடந்து போனவர், கால் கொப்புளத்தோடு திரும்பி வந்து "நல்ல நடை" என்று மட்டும் சொன்னவர். அவர் சொன்ன முடியலை மேலே எழுதிய எந்தப் படியில் வரும் என்று இவ்வளவு நேரமாகப் பார்க்கிறேன். தளர்ச்சி என்று ஒரு சொல் இருப்பது தெரியும். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை.

மூச்சு சீரானதும் மடியிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். மேல்வீட்டுச் சாவி, பெட்டகச் சாவி, சாமி அறைச் சாவி என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். பெட்டகச் சாவியைப் பாதி திருப்பி, கொஞ்சம் வெளியே இழுத்து, மறுபடி திருப்ப வேண்டுமாம். "நாளைக்கு நீயே திறந்துரு" என்று என் கையில் வைத்தார்.

மொத்தம் 11 சாவி. ஒன்று உள்ளங்கை நீளம். ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது, பக்கம் ஒரு நூல்கூட அசையவில்லை.